வயிறு உப்புகிறது, மூச்சு நிறையவில்லை

"பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 41. கழுத்தும் தோளும் இறுகுகிறது என்று வீடியோ பார்த்து வயிற்று மூச்சு பழகினேன். வயிறு நன்றாக உப்புகிறது, ஆனால் மூச்சு நிறையவில்லை. தலை கிறுகிறுக்கிறது. எங்கே தப்பு?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை முன்னால் தள்ளிப் பாருங்கள். காற்று உள்ளே போகாமலேயே உப்பும். அது வெறும் தள்ளல்தான், மூச்சு அல்ல. நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மூச்சை இழுக்கும் முக்கியத் தசை உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும். ஓரங்கள் கீழ் விலா எலும்புகளிலும் இடுப்பு முதுகெலும்பிலும் பிடித்திருக்கும். அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நுரையீரல் விரிகிறது, குடலும் கல்லீரலும் இடம்விட்டு நகர்கின்றன. அதனால்தான் வயிறு எழும்புகிறது. காற்று அங்கே போவதில்லை. மிஷின் மேல் குனிந்தே இருந்தால் வயிறு மடங்கி, உதரவிதானம் இறங்க இடம் குறையும். அப்போது கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் மேல் விலாக்களைத் தூக்கி ஈடுகட்டும். உங்கள் இறுக்கத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, முழங்காலை மடக்கி, அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். ஒரு கை நெஞ்சில், மறு கை விலாவுக்குக் கீழே. முதலில் மூச்சை வெளியே விடுங்கள். எல்லோரும் இழுப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் வம்பு. விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து, அழுத்தாமல், நாலைந்து எண்ணும் வரை விடுங்கள். அப்புறம் மூக்கு வழியாக இரண்டு மூன்று எண்ணும் வரை, சத்தம் வராமல், மெதுவாக உள்ளே வர விடுங்கள்.

சரியாக வந்தால் கீழ்க் கையின் அடியில் வயிறு மெத்தென்று எழும்பும், கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரியும். விரல் நுனியில் வயிறு கல்லாக இருந்தால் தள்ளுகிறீர்கள். நெஞ்சுக் கை கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை. பிடிபடாவிட்டால் ஒரு கிலோ கேழ்வரகு மாவுப் பையைத் தொப்புள் மேல் வையுங்கள். பை எழும்பி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

கிறுகிறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் காற்று போதாதது அல்ல. அளவுக்கு மேல் இழுத்து, ரத்தத்தில் கரியமில வாயு குறைவதுதான். வந்தால் நிறுத்திவிட்டு எப்போதும் போல மூச்சுவிடுங்கள்.

ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை போதும். ஒரு வாரம் படுத்து, அப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து. மிஷின் முன்னால் கடைசியில்தான். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகியிருக்கலாம். சிலருக்கு இந்தப் பயிற்சியால் மூச்சுத்திணறல் கூடும். அவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். உங்களுக்கும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.