பகத்தா, ஃபஹத்தா? பெயர் எழுத்து மாறினால் தேடல் ஏன் தடுமாறுகிறது

கேள்வி: "சினிமா வினாடி வினாவுக்குக் குறிப்பு எடுக்கிறேன். 'புஷ்பா'வில் போலீஸ் அதிகாரியாக வந்த மலையாள நடிகரின் பெயரைத் தமிழில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது வருவதில்லை. எது சரி? எப்படித் தேடினால் எல்லாம் கிடைக்கும்?"

அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். மலையாளத்தில் அவர் பெயர் ഫഹദ് ഫാസിൽ, ஆங்கிலத்தில் Fahadh Faasil. முதல் எழுத்தை 'ஃப' என்றும் எழுதலாம், 'ப' என்றும் எழுதலாம். அடுத்ததைக் கிரந்த 'ஹ' கொண்டு எழுதுவோரும் உண்டு, 'க' போடுவோரும் உண்டு. அந்த இடத்தில் உச்சரிப்பு குறில்தான். ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறவர் 'ஹா' என்று நீட்டிவிடுவார். கடைசி எழுத்து 'த்'. அதை 'ட்' ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பெயருக்கு மட்டுமே இரண்டிரண்டாக நான்கு கிளை, அதாவது 16 வடிவம். இரண்டாம் பெயரில் ஃபா அல்லது பா, சி அல்லது ஸி என்று 4 வடிவம். பெருக்கினால் 64. இவற்றில் புழங்குவது சில மட்டும்தான். ஆனால் தேடல் பெட்டியில் நீங்கள் போடுவது அவற்றில் ஒன்றை மட்டும்.

எது சரி என்றால், ஒலிக்கு மிக அருகில் இருப்பது 'ஃபஹத் ஃபாசில்'. 'பகத் பாசில்' தவறு என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'க' மெலிந்து 'ஹ' போலத்தான் ஒலிக்கும். 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். கிரந்தம் வேண்டாம் என்று இருப்பவர் 'பகத்' என்று எழுதுவதற்கு மொழியிலேயே நியாயம் இருக்கிறது. 'ஃபகாட்' மட்டும் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகித்து எழுதியது.

ஒலி சரியா என்பதைவிடத் தேடலுக்கு முக்கியமானது, அந்த வடிவம் வேறு யாருடைய பெயரோடு மோதுகிறது என்பது. 'பகத்' என்று மட்டும் போட்டால் பகத் சிங் வந்து நிற்பார். 'பாசில்' என்று மட்டும் போட்டால் இந்த நடிகரின் தந்தையான இயக்குநர் ஃபாசில் வருவார், கூடவே மலையாள இயக்குநரும் நடிகருமான பேசில் ஜோசப்பும் வருவார். அவர் பெயர் மலையாளத்தில் 'பேசில்' என்றுதான் ஒலிக்கும். Basil என்ற ஆங்கில வடிவத்தைப் பார்த்துச் சிலர் 'பாசில்' ஆக்கிவிடுகிறார்கள். தமிழ் 'ப' ஒன்றே மூன்று ஒலியைச் சுமப்பதால் மூன்று பேரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

கதாபாத்திரப் பெயரில் இது இன்னும் மோசம். 'புஷ்பா'வில் அவர் ஏற்ற பாத்திரம் Bhanwar Singh Shekhawat. இது ராஜஸ்தானி ராஜபுத்திரப் பெயர். இந்தியில் शेखावत என்று எழுதுவார்கள்: முதலெழுத்து நெடில், கடைசி எழுத்து 'த்'. நேராக இந்தியிலிருந்து வந்தால் 'ஷேகாவத்'. ஆனால் பெயர் தமிழுக்கு வருவது ஆங்கிலம் வழியாக. ஆங்கில e குறிலா நெடிலா என்று சொல்லாது, t என்பது தகரமா டகரமா என்றும் சொல்லாது. அதனால்தான் ஷெகாவத், ஷேகாவத், ஷெகாவாட், செகாவத் எல்லாம் உலவுகின்றன. இவற்றில் அதிகம் புழங்கும் 'ஷெகாவத்'தை மட்டும் போட்டால் முன்னாள் குடியரசுத் துணைத் தலைவர் பைரோன் சிங் ஷெகாவத்தும், மேகதாது செய்திகளில் அடிபட்ட கஜேந்திர சிங் ஷெகாவத்தும்தான் முன்னே வருவார்கள். 'மாமன்னன்' படத்தில் ஃபஹத் ஏற்ற ரத்னவேலு பாத்திரத்துக்கும் இதே கதி. ரத்னவேலு என்றே ஓர் ஒளிப்பதிவாளர் இருக்கிறார்.

ஆகவே பாத்திரத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். எழுத்து மாறாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். படத்தின் பெயரும் வெளியான ஆண்டும் பெரும்பாலும் மாறாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் படத்தின் பக்கத்தைத் திறந்து, நடிகர் பட்டியலிலிருந்து அவருடைய பக்கத்துக்குப் போங்கள். அங்கே மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தால், தமிழ் விக்கியில் எந்த எழுத்தில் இருந்தாலும் அதே ஆளின் பக்கம் திறக்கும். அந்த இணைப்பு பெயரின் எழுத்தை நம்பி இயங்குவதில்லை, ஆளுக்குக் கொடுத்த எண்ணை வைத்து இயங்குகிறது. மலையாள வடிவத்தையும் அங்கேயே நகலெடுத்துக்கொள்ளலாம். பிறகு புழக்கத்தில் உள்ள வடிவங்களில் நான்கைச் சேர்த்துப் படப் பெயரோடு கூகுளில் இப்படித் தேடுங்கள்:

```
மாமன்னன் ("பகத் பாசில்" OR "பஹத் பாசில்" OR "ஃபகத் ஃபாசில்" OR "ஃபஹத் ஃபாசில்")
```

OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மேற்கோள்குறி இல்லாவிட்டால் பகத் சிங் மறுபடி உள்ளே வருவார். ஆங்கிலத்திலும் Fahadh Faasil, Fahad Fazil என்று இரண்டு வடிவம் புழங்குவதால் அந்த இரண்டையும் தனியாக ஒருமுறை தேடிவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்குள் Ctrl+F போட்டுத் தேடும்போது வேறொரு இடறல் வரும். கட்டுரையில் 'பாசிலின் நடிப்பு', 'பாசிலுக்கு விருது' என்றுதான் இருக்கும். 'பாசில்' என்று புள்ளியோடு தேடினால் இவை அகப்படாது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது. கடைசி எழுத்தை விட்டு 'பாசி' என்று மட்டும் போடுங்கள். அதையே போட்டால் 'ஃபாசில்' என்று எழுதியிருந்தாலும் சேர்ந்தே சிக்கும், முன்னால் உள்ள ஆய்தம் தனி எழுத்துதானே.

இவ்வளவு செய்தும் கண்ணெதிரே இருக்கும் பெயர் சிக்கவில்லை என்றால் எழுத்தின் உள்குறியைப் பாருங்கள். 'கௌதம்' என்று சரியாகத் தட்டினால் 'க'வோடு ஔகாரக் குறி ஒன்று சேரும். பலர் 'க', பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு 'ள' என்று தட்டுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொல். நாளிதழ்களில் 'கவுதம்' என்ற மூன்றாவது வடிவமும் உண்டு. ஸ்ரீதேவியின் 'ஸ்ரீ'யும் அப்படித்தான். அதை 'ஸ'வில் தொடங்கியும் தட்டலாம், 2005-இல் யுனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் பைதான் நிரல்மொழியில் பெயரை ஒட்டிப் பாருங்கள்:

```
for c in "கௌதம்": print(c, hex(ord(c)))
```

இரண்டாவது வரியில் 0xbcc வந்தால் அது ஔகாரக் குறி. 0xbc6, அடுத்து 0xbb3 என்று வந்தால் கொம்பும் ளகரமும். தேடுகிற பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தட்டச்சு செய்யாமல் அங்கிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் போதும்.

உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கி, ஆங்கிலப் பெயரை முதலில் வைத்து, கிடைத்த தமிழ் வடிவங்களைப் பக்கத்தில் எழுதி, படத்தையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: Fahadh Faasil, பகத் / ஃபஹத், விக்ரம் 2022 அமர், மாமன்னன் 2023 ரத்னவேலு. வினாடி வினாவில் விடை சரிபார்க்கும்போது இந்த வரியில் உள்ள எந்த வடிவத்தைச் சொன்னாலும் சரி என்று மதிப்பெண் கொடுங்கள்.