ஒரே கிலோக் கூலி, பிறகு ஏன் மனக்குறை?

"மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை. உடைக்கும் எல்லாருக்கும் ஒரே கிலோக் கூலிதான். ஆனாலும் சிலர் முணுமுணுக்கிறார்கள், உடைந்த பருப்பும் கூடிவிட்டது. ஏன்?"

சிறிய கொட்டை யார் பங்குக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு கிலோவில் எண்ணிக்கை அதிகம், அதனால் வேலையும் அதிகம். பெரிய கொட்டைக்காரர் 10 கிலோ முடிக்கும் நேரத்தில் இவர் 8 கிலோ முடித்தால், அதே உழைப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு கூலி குறைவு. உளவியலாளர் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் சொன்னது இதுதான்: மனிதர் கூலியை மட்டுமல்ல, உழைப்புக்கும் கூலிக்குமான விகிதத்தைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுகிறார்.

கிலோக் கூலியில் மனக்குறை வந்தால் கை வேகமாகும், கவனம் குறையும். சம்பளத்தை அப்படித்தான் ஈடுகட்டுவார்கள். அதே ஆட்கள் முன்பு சிறிய கொட்டையில் எவ்வளவு பருப்பை உடைசலாக்கினார்கள் என்று பழைய கணக்கைப் பாருங்கள். அப்போது உடைசல் குறைவு என்றால் கைத்திறன் காரணமல்ல.

சிறிய கொட்டைக்குத் தனி விலை வையுங்கள், இல்லையென்றால் முறைவைத்து மாற்றிக் கொடுங்கள். உடைசலுக்கு அபராதம் மட்டும் வேண்டாம், விகிதம் இன்னும் கெடும்.