சங்கச் சனல், பாடசாலைச் சனல்: ஃபோர்வேட்டும் ரியாக்‌ஷனும் (கேள்வி பதில்)

கமக்கார அமைப்புச் செயலாளர், இரணைமடுப் பக்கம்: அண்ணை, தண்ணீர் திறக்கிற திகதி, கூட்டம் எல்லாம் போட ஒரு சனல் தொடங்குகிறோம். ஒருவரும் ஃபோர்வேட் பண்ணாமல் பூட்டலாமா?

டெலிகிராமில் பூட்டலாம். சனலின் பெயரைத் தொட்டு, திருத்துகிற இடத்தில் Channel Type-க்குள் போனால் Restrict Saving Content என்று இருக்கும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். சனலில் சேராத கமக்காரருக்கு மகனோ பக்கத்து வயல்காரரோ அனுப்பித்தானே செய்தி போய்ச் சேரும்? அந்தப் பூட்டைப் போட்டால் ஃபோர்வேட்டோடு நிற்காது. எழுத்தைப் பிரதி எடுக்கவோ படத்தைச் சேமிக்கவோ முடியாது, போனில் ஸ்கிரீன்ஷொட்டும் எடுபடாது. ஒரு பதிவுக்கு மட்டும் போடவும் வழியில்லை, முழுச் சனலுக்கும் ஒரே பூட்டு.

பழைய செய்தி சுற்றும் என்பது உங்கள் பயமாக இருந்தால், அதற்கு மருந்து எழுதுகிற முறையில்தான் இருக்கிறது. “நாளை காலை தண்ணீர் திறக்கப்படும்” என்று போடுகிறீர்கள், பலரும் ஃபோர்வேட் செய்துவிடுகிறார்கள். பின்னேரம் பார்த்தால் திறப்பு மூன்று நாள் தள்ளிப்போகிறது. பதிவைத் திருத்துகிறீர்கள். சனலுக்குள் வந்து பார்ப்பவருக்குத்தான் திருத்தம் தெரியும். ஏற்கெனவே போன பிரதிகள் மாறாது. அடுத்த சிறுபோகத்திலும் அந்த “நாளை” யாருடைய குடும்பக் குழுவிலாவது வந்து நிற்கும். ஆகவே முதல் வரியில் திகதி, கிழமை, எந்த வாய்க்கால், யார் அறிவித்தது என்று எழுதுங்கள். மாற்றம் வந்தால் பழைய பதிவின் தலையில் “இரத்து” என்று சேர்த்துவிட்டு, புதியதைத் தனிப் பதிவாகப் போடுங்கள். அப்போதுதான் ஃபோர்வேட் செய்ய ஆட்களுக்குப் புதியது ஒன்று கையில் இருக்கும்.

வவுனியாத் தம்பி: வட்ஸ்அப் சனலிலும் பூட்டலாம் அண்ணை, அவர்களே அறிவித்தவர்கள்.

2023 ஜூனில் சனலை அறிமுகப்படுத்தியபோது அப்படிச் சொன்னது உண்மைதான் தம்பி. நான் பார்க்கிற வட்ஸ்அப் சனல்களின் அமைப்பில் அந்தத் தெரிவு இல்லை. அங்கே ஃபோர்வேட் செய்தால் சனலின் இணைப்பும் கூடவே போகும், அது நல்லதுதான். இன்னொன்று, வட்ஸ்அப் சனலில் பதிவுகள் 30 நாள்வரைதான் சேவரில் இருக்கும். வருட அறிக்கையை அங்கே போட்டுவிட்டுப் பிறகு தேடாதீர்கள்.

ரீச்சர், முல்லைத்தீவு: பெற்றார் கூட்டத்துக்கு வருபவர்கள் 👍 போடச் சொன்னேன். 41 விழுந்திருக்கிறது. யார் யார் என்று டெலிகிராமில் எங்கே பார்ப்பது?

பார்க்க முடியாது ரீச்சர். சனலில் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், பெயர் வராது. சனலில் வைக்கிற வாக்கெடுப்பும் அப்படியே. வருகை எடுக்க வகுப்புக்கு ஒரு சிறு குழு வேண்டும். அல்லது கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். அறிவித்தலில் திகதி முதல் வரியில் இருக்கட்டும்.

மரண உதவிச் சங்கம், கிளிநொச்சி: துயர் பகிர்வுக்குக் கீழே யாரோ 😂 போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் மனம் நொந்துபோனார்கள்.

டெலிகிராமில் Reactions-க்குள் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 🙏, 😢 மட்டும் வையுங்கள். வட்ஸ்அப்பில் அப்படித் தெரிவு செய்ய முடியாது. வழக்கமான ஆறு மட்டும் என்று வைத்தாலும் அந்த ஆறுக்குள் 😂 இருக்கிறது. அங்கே முழுவதையும் நிறுத்துங்கள். தவறிக் கை பட்டுத்தான் பெரும்பாலும் விழுகிறது, ஆனாலும் செத்த வீட்டில் அதை விளங்கப்படுத்த முடியாது.

மாதர் சங்கம், புதுக்குடியிருப்பு: ஃபோர்வேட்டைப் பூட்டுவது எப்படி?

முதல் பதிலில் இருக்கிறது.

பழைய மாணவர், கனடாவிலிருந்து: தண்ணீருக்குத் திறந்து விடுங்கள், சரி. விளையாட்டுப் போட்டியில் எடுத்த பிள்ளைகளின் படங்கள் எங்கெங்கோ சுற்றுகின்றன. பாடசாலைச் சனல் கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும்.

முல்லைத்தீவு ரீச்சர்: பூட்டினால் நேரசூசியைக் கொமினிக்கேசனில் பிரின்ட் எடுக்க முடியாமல் பெற்றார் என்னிடம்தான் வருவார்கள். சொந்தப் பிள்ளையின் படத்தைத் தாய் வைத்திருக்கக் கூடாதா?

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இரண்டு சனல் வையுங்கள். அறிவித்தலுக்கு ஒன்று, திறந்தபடி. படங்களுக்கு இன்னொன்று, Private ஆக, அழைப்பு இணைப்பைப் பெற்றாருக்கு மட்டும் கொடுத்து, பூட்டி. தாய் கேட்டால் அவருடைய பிள்ளையின் படத்தைத் தனியாக அனுப்பலாம்.

கனடா: பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுத்தால்?

எடுக்கலாம். எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது. பிள்ளையின் முகம் வெளியே போகவே கூடாது என்றால் அந்தப் படத்தைப் போடாமல் விடுவதுதான் வழி.

முல்லைத்தீவு ரீச்சர்: அப்போ பரிசு வாங்கின பிள்ளையின் படத்தையும் விடுவதா? எனக்கு அது சரியாகப் படவில்லை.

அதைப் பெற்றார் கூட்டத்தில் கேளுங்கள் ரீச்சர், அதை நான் முடிவு செய்ய முடியாது.

இன்னொரு செயலாளர்: ஃபோர்வேட் பூட்டு எங்கே இருக்கிறது அண்ணை?

Channel Type-க்குள். திகதியை முதல் வரியில் போடுங்கள்.