பணம் அனுப்பியாச்சு, வீட்டுக்கு இன்னும் போய்ச் சேரலை

ஷார்ஜாவில் ஒரு எக்ஸ்சேஞ்சில் 11 வருடம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாலு வருடம், நின்றுபோன பணத்தைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குவைத், வெல்டர்: அண்ணே, வியாழக்கிழமை 150 தினார் அனுப்பினேன். இங்க "போயிடுச்சு"ங்கிறாங்க. ஊர்ல பேங்க்ல "வரவே இல்லை"ங்கிறாங்க. யாரு பொய் சொல்றது?

யாருமே பொய் சொல்லவில்லை தம்பி. இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு வங்கி இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு இந்தியாவில் ஏதாவது ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு இருக்கும். நீங்கள் தினார் கட்டியதும் அந்த வங்கிக்குத் தகவல் போகும். அவர்கள் சரிபார்த்து, நெஃப்டிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ உங்கள் வீட்டு வங்கிக்குத் தள்ளுவார்கள். எக்ஸ்சேஞ்ச்காரர் "போயிடுச்சு" என்றால் பார்ட்னர் வங்கிக்குத் தகவல் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

கவுண்டரில் இரண்டே கேள்வி கேளுங்கள். பார்ட்னர் பேங்க் எது? பணம் கிளம்பும்போது அந்த வங்கி போடும் அடையாள எண்ணான யுடிஆர் நம்பர் வந்துவிட்டதா? யுடிஆர் இருந்தால் பணம் அங்கிருந்து கிளம்பிவிட்டது, அந்த நம்பரோடு வீட்டுக்காரம்மா கிளைக்குப் போனால் தேடித் தருவார்கள். யுடிஆர் இல்லையென்றால் கிளைக்கு அவரை அலைய விடாதீர்கள், பஸ் காசுதான் தண்டம்.

நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் நின்றுபோன பணத்தை ஒரு ஆள் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளியும் சனியும் குவைத்தில் லீவு, ஞாயிறு இந்தியாவில் லீவு. வியாழன் மாலை அனுப்பியது திங்கட்கிழமை வரை அப்படியே கிடப்பது அதனால்தான்.

அதே தம்பி: கேட்டேன் அண்ணே. யுடிஆர் இல்லையாம். "பேர் ஒத்து வரலை"ன்னு சொன்னாங்க. பொண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?

பெயர் தெரியும், பாஸ்புக்கில் எப்படி இருக்கிறது என்று தெரியாது. பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அவரே, ஒரு மணி நேரம் கழித்து: போட்டோ வந்துடுச்சு. நான் ஆப்ல போட்டது `TAMILSELVI MURUGAN`. பாஸ்புக்ல `K THAMIZHSELVI`.

இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று நம் ழகரம். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம். இதைப் பல இடங்களில் சின்ன எழுத்துப் பிழை என்று விட்டுவிடுவார்கள். பெரிய கோளாறு இன்ஷியலில் இருக்கிறது. கணக்கு கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது, அதில் அப்பா பெயரின் `K`. ஆப்பில் "கடைசிப் பெயர்" என்ற பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்பதால் நீங்கள் உங்கள் பெயரைப் போட்டீர்கள். திரையில் பார்ப்பவருக்கு இது வேறு ஒரு பெண். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

திருத்தத்தை அனுப்பியவர்தான் கொடுக்க வேண்டும், வாங்குபவர் எங்கே போய் நின்றாலும் நடக்காது. ரசீது, சிவில் ஐடி, அந்த பாஸ்புக் போட்டோ மூன்றையும் கொண்டுபோய்ப் பெயர்த் திருத்தம் எழுதிக் கொடுங்கள். கேன்சல் செய்துவிட்டுத் திரும்ப அனுப்பலாம் என்று கவுண்டரில் சொன்னால், பணத்தை எந்த ரேட்டில் திருப்புவார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் என்றால் பெரும்பாலும் சின்னக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

தோஹா, ஏசி மெக்கானிக்: சார், பேரெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க. அக்கவுண்ட் நம்பர் சரியா இருந்தா போதும். ஊர்ல நான் நெஃப்ட் பண்ணப்ப பேரு தப்பாப் போட்டும் போச்சு.

பாதி சரி. உள்நாட்டு நெஃப்டில் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைப்பார்கள், அதனால் உங்கள் பணம் போயிருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பணம் நெஃப்டில் ஏறுவதற்கு முன்னாலேயே பார்ட்னர் வங்கியில் நிற்கிறது. அங்கே பெயர் பார்க்கிறார்கள். எண் ஒன்று தப்பி வேறொருவர் கணக்கில் விழுந்துவிட்டால் அவராகத் தந்தால்தான் உண்டு. நான் பார்த்த மிக நீண்ட இழுபறி அப்படி ஒன்றுதான், ஏழு மாதம்.

சிங்கப்பூர், கட்டுமான வேலை: இன்கம்டாக்ஸ் பிடிக்கிறதுக்காகத்தான் நிறுத்தி வைக்கிறாங்களா?

இல்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் குடும்பச் செலவுக்கு அனுப்புவதில் இந்தியாவில் வரி பிடிப்பது கிடையாது.

ரியாத், டிரைவர்: என் பேர்ல முகமது இருக்கு, அத்தா பேர்ல அப்துல் இருக்கு. மாசா மாசம் "கம்ப்ளையன்ஸ்"னு நிறுத்துறாங்க பாய். நான் என்ன தப்பு பண்ணேன்?

எந்தத் தப்பும் பண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரும் வாங்குபவர் பெயரும் ஐநா தடைப் பட்டியல், அமெரிக்கத் தடைப் பட்டியல் போன்றவற்றோடு ஒப்பிடப்படுகிறது. மெஷின் அச்சு அசலாக ஒத்துப்போவதை மட்டும் பார்ப்பதில்லை, ஏறக்குறைய ஒத்தாலும் நிறுத்திவிடும். அந்தப் பட்டியல்களில் முகமதும் அப்துலும் ஏராளம். அப்புறம் ஒரு ஆள் பிறந்த தேதி, நாடு எல்லாம் பார்த்து "இவர் அவர் இல்லை" என்று விடுவிக்கிறார்.

உங்கள் பதிவில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல முழுசாக இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, இக்காமா காலாவதி ஆகவில்லையே என்று பாருங்கள். வாங்குபவரின் பிறந்த தேதியையும் கொடுங்கள். சில இடங்களில் ஒருமுறை தெளிவான ஆளைக் குறித்து வைப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தாலும் பார்ட்னர் வங்கி தன் பங்குக்குத் தனியாக ஒப்பிடும், அங்கே நின்றால் நிற்கத்தான் செய்யும். இதற்கு முழுத் தீர்வு நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் கவுண்டர் பையன் முழிப்பான். அவனுக்கு அனேகமாகத் தெரியாது, தெரிந்தாலும் சில விஷயங்களை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று சட்டம்.

துபாய், கிளீனிங் கம்பெனி: என் சம்பளம் 1,200 திர்ஹம். போன மாசம் ரூம்ல அஞ்சு பேர் பணத்தையும் என் பேர்ல சேர்த்து 6,000 அனுப்பினேன். சம்பளச் சீட்டு கேட்கிறாங்க. சும்மா ஏதாவது சொல்லிடலாமா?

சொல்லாதீர்கள். கட்டணம் மிச்சம் பிடிக்கத்தான் செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது, திரைக்குப் பின்னால் இருப்பவருக்குப் புரியாது. 1,200 வாங்குபவர் 6,000 அனுப்பினால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். சம்பளச் சீட்டைக் காட்டி, மீதி யாருடையது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அநேகமாகத் திருப்பித் தருவார்கள். "சீட்டுப் பணம் எடுத்தேன்" என்று பொய் சொல்லி, அதற்குக் காகிதம் கேட்டபோது மாட்டி, அந்த எக்ஸ்சேஞ்சில் இனி அனுப்பவே முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் அவரவர் ஐடியில் அவரவர் அனுப்பட்டும்.

மஸ்கட், வீட்டு வேலை: அம்மா பேரு, நம்பர் எல்லாம் சரிங்க அண்ணா. முன்னாடி யாரும் அனுப்பினதில்லை. ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு.

அம்மாவின் கணக்கு, சரியான அடையாளச் சான்று இல்லாமல் தொடங்கிய "சிறு கணக்கா" என்று கிளையில் கேளுங்கள் தங்கச்சி. அப்படியானால் ஆவணம் கொடுத்து முழு கேஒய்சி முடிக்கும்வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்கக் கூடாது. ஆதாரோடு போய் முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள்.

குவைத், வெல்டர்: அண்ணே, திருத்தம் கொடுத்தேன். இன்னிக்கு யுடிஆர் வந்துடுச்சு. அவ கணக்குல இன்னும் காட்டலை.

இப்போது அனுப்புங்கள் அவரை, கிளைக்கு. யுடிஆர் நம்பரைத் தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், போனில் சொன்னால் `O`-வும் `0`-வும் மாறிப்போகும்.