பாஸ்போர்ட் கம்பெனியிடம், ஏஜென்ட் கட்டணம் சம்பளத்தில்

“பத்திரமாக வைக்கிறோம் என்று, வெளிநாட்டில் நான் வேலை செய்யும் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டது, நானும் கையெழுத்துப் போட்டேன். ஏஜென்ட் கட்டணத்தையும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புதிது எடுக்கலாமா?”

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இருக்கும் இடம் தெரிந்தே தொலைந்ததாக எழுதிக் கொடுத்தால் அது பொய் வாக்குமூலம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் ரத்தாகும், அதில் ஒட்டிய விசாவும் சிக்கலாகும்.

பாஸ்போர்ட் அதை வழங்கிய அரசின் சொத்து. நீங்கள் போட்ட கையெழுத்தால் அது கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது. கேட்டவுடன் கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. “இந்தத் தேதிக்குள் திருப்பித் தாருங்கள்” என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். வாய்வழியாகக் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. மறுத்தாலோ, பணம் கட்டச் சொன்னாலோ, பதில் வராவிட்டாலோ, அந்தச் செய்தியோடு உங்கள் தூதரகத்திடமும் அங்குள்ள தொழிலாளர் துறையிடமும் புகார் கொடுங்கள். அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பதை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

கட்டணம் தனிப் புகார். சம்பளச் சீட்டில் அது பெரும்பாலும் “மருத்துவம்”, “பயிற்சி”, “டிக்கெட்” என்று பிரிந்து நிற்கும். ஐ.எல்.ஓ.வின் 2019 வரையறைப்படி அவையும் ஆள்சேர்ப்புச் செலவுதான், தொழிலாளியிடம் வாங்கக் கூடாதவை. சில நாட்டுச் சட்டங்கள் ஓரளவு கட்டணத்தை அனுமதிக்கின்றன என்பதால், உங்கள் நாட்டு உச்சவரம்பைத் தூதரகத்தில் கேளுங்கள். மாதவாரியாகப் பிடித்த தொகையை எழுதி, சீட்டுகளைப் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.