"பில்லிங் மாட்யூலைப் பராமரித்தேன்" என்ற வரிக்குப் பதிலாக: கேள்வி பதில்

கும்பகோணம்: அண்ணா, ஜாவாவில் ஏழு வருஷ அனுபவம். உரக்கடை, விதைக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். ரெஸ்யூமேயில் "பில்லிங் மாட்யூல் பராமரிப்பு, பிழை திருத்தம், ரிப்போர்ட் தயாரிப்பு" என்று மூன்று வரி இருக்கிறது. இதில் எண் எங்கே வரும்?

உங்கள் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதே மூன்று வரியைத்தான் எழுதியிருப்பார். அதனால் எண்ணைத் தேடுவதற்கு முன்னால், நீங்கள் கை வைத்ததால் எது மாறியது என்று தேடுங்கள். ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். போன மாதம் பார்த்த வேலைதான் பெரிதாகத் தெரியும், இரண்டு வருஷத்துக்கு முந்தையது மறந்தே போயிருக்கும். கிட் வரலாற்றை எடுத்து நிதானமாகப் படியுங்கள்:

```
git log --author="your-name" --since="2023-01-01" --date=short --pretty="%ad %s"
```

இது ஞாபகத்தைக் கிளறத்தான். எத்தனை கமிட் போட்டீர்கள் என்ற கணக்கை ரெஸ்யூமேயில் ஏற்றிவிடாதீர்கள். ஒரே மாற்றத்தை ஒரு கமிட்டாகவும் போடலாம், முப்பதாகவும் போடலாம்.

கும்பகோணம், மறுபடியும்: ஒன்று கிடைத்தது அண்ணா. தினமும் காலை 6 மணிக்கு இருப்பு ரிப்போர்ட் ஓடும். முன்பு 40 நிமிடம் ஆகும், இப்போது 6 நிமிடம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக குவெரி போய்க்கொண்டிருந்தது, அதை ஒரே ஜாயினாக்கினேன். கடை எண், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டேன். "வேகத்தை 85% கூட்டினேன்" என்று எழுதவா?

நல்ல சரக்கு கையில் இருக்கிறது. ஆனால் 85% குறைந்தது நேரம். வேகம் 85% கூடியது என்பது வேறு கணக்கு, அது இங்கே பொருந்தாது.

அதைவிட முக்கியம், அந்த 40-ஐ எப்போது பார்த்தீர்கள், 6-ஐ எப்போது பார்த்தீர்கள்? உங்கள் வாடிக்கையாளர்கள் உரக்கடைக்காரர்கள். நம் பக்கம் ஐப்பசியில் சம்பாவுக்கு யூரியா போடுகிற நேரத்தில் பில் குவியும். சித்திரையில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். 40 நிமிடம் அக்டோபர் கணக்காகவும் 6 நிமிடம் ஏப்ரல் கணக்காகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு உங்களுடையது, ஒரு பங்கு பருவத்துடையது.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. அந்த வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் லாகில் இருக்கும். அன்றைக்கு எத்தனை பில் வரிசைகள் என்பதை டேபிளிலிருந்து தேதிவாரியாக எண்ணி எடுங்கள். மாற்றத்துக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம், இரண்டிலும் பில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பாருங்கள். ஏழு நாளில் நடுவில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் மாட்டிக்கொண்ட ஒரு நாள் சராசரியையே கெடுத்துவிடும். இடையில் சர்வரையே மாற்றியிருந்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: நீங்கள் சொன்னதுதான். 6 நிமிடம் மே மாதக் கணக்கு. அடுத்த சம்பாவில் 11 நிமிடம். சர்வர் அதேதான். எண் இறங்கிவிட்டதே!

இறங்கட்டும், 40-லிருந்து 11 என்பதும் அருமையான எண்தான். இனி யார் குடைந்து கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கிறது. இன்னொன்று விட்டுவிட்டீர்கள். சீசனில் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது? ஆறரைக்கா? அப்படியானால் முன்பு ரிப்போர்ட் வர 6:40 ஆகியிருக்கிறது, முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது இருப்பு தெரியவில்லை. இப்போது கடை திறக்கும் முன்பே தயார். கடைக்காரருக்கு இதுதான் பலன், நிமிடக் கணக்கு அதற்குச் சாட்சி. நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"சம்பா சீசனில் 60 கடைகளுக்கான காலை இருப்பு ரிப்போர்ட்டை சுமார் 40 நிமிடத்திலிருந்து 11 நிமிடமாகக் குறைத்தேன், பொருளுக்கொரு குவெரியை ஒரே ஜாயினாக மாற்றி, கடை–தேதி இண்டெக்ஸ் சேர்த்தேன், கடை திறக்கும் முன் ரிப்போர்ட் கிடைக்கிறது."

60 என்பது நான் சும்மா போட்டது, உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும்: என்ன மாறியது, எதிலிருந்து எதற்கு, எப்படி, யாருக்கு என்ன பயன். இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.

தஞ்சாவூர்: கணக்குப்படி பார்த்தால் 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.6 மடங்கு. அதாவது வேகம் 264% கூடியிருக்கிறது. தப்பில்லாத கணக்குதானே? ஏன் சின்ன எண்ணைப் போடச் சொல்கிறீர்கள்?

கணக்கு சரி. நேரம் 73% குறைந்தது என்றாலும், 3.6 மடங்கு வேகம் என்றாலும், வேகம் 264% கூடியது என்றாலும் நடந்தது ஒன்றுதான். ஆனால் 264 என்று படிப்பவருக்கு நேரம் எவ்வளவு மிச்சமானது என்று சட்டென்று பிடிபடாது, "ஏதோ ஊதியிருக்கிறார்" என்ற சந்தேகம்தான் வரும். சதவீதமே போடாமல் "40-லிருந்து 11" என்று விட்டால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அப்புறம், "நேரத்தை 264% குறைத்தேன்" என்று எழுதிய ரெஸ்யூமேக்களும் என் கைக்கு வந்திருக்கின்றன. நூறு சதவீதத்துக்கு மேல் எதைக் குறைக்க முடியும்?

மன்னார்குடி: தம்பி, என் மகன் எட்டு வருஷமாக ஐ.டி.யில் இருக்கிறான். நேர்மையான எண் போடணும் என்கிறீர்கள். அவன் பி.இ.யில் 62 சதவீதம்தான். அதைப் போடச் சொல்லவா?

ஐயா, நாங்கள் பேசுவது வேலையில் கிடைத்த எண்ணைப் பற்றி. எட்டு வருஷம் ஆனவருக்குப் பட்டத்தின் பெயரும் முடித்த வருஷமும் போதும், மதிப்பெண்ணை விட்டுவிடலாம். விண்ணப்பப் படிவத்தில் தனியாகக் கேட்டால் உள்ளதை உள்ளபடி போடச் சொல்லுங்கள்.

திருவாரூர்: அண்ணா, நான் அந்தக் கம்பெனியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. லாகும் இல்லை, கிட்டும் இல்லை. வேலை பார்த்தது உண்மை, அளந்து வைக்கவில்லை. இப்போது எண்ணுக்கு எங்கே போவேன்?

முதலில் உங்கள் கையில் நியாயமாக இருப்பதைப் பாருங்கள். வருடாந்திர மதிப்பீட்டுக்காக நீங்களே எழுதிய குறிப்பு, பாராட்டி வந்த மெயிலின் ஞாபகம், கூட வேலை பார்த்தவர்கள். பழைய சக ஊழியரிடம் "அந்த வேலைக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் லாகை எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், அது அவருக்கு வம்பு.

உங்கள் ஞாபகமும் அவர் ஞாபகமும் ஒத்துப்போனால் "சுமார்" போட்டு எழுதலாம். "மூன்று மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்" என்று மொட்டையாக இருக்கட்டும். அளக்காத ஒன்றுக்கு 67.4% என்று தசமப் புள்ளி போட்டால், அந்தப் புள்ளியே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஞாபகமும் ஒத்துப்போகவில்லையா? அளவைச் சொல்லும் எண்ணுக்கு வாருங்கள். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எத்தனை கிளை, வாரத்துக்கு எத்தனை ரிலீஸ். இவை விளைவு ஆகாது, ஆனாலும் வேலையின் பருமன் தெரியும். எல்லா வரியிலும் எண் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. கையால் செய்துகொண்டிருந்த ஒரு வேலை உங்களால் அடியோடு நின்றது என்றால், அந்த வரி எண் இல்லாமலே நிற்கும்.

நாகப்பட்டினம்: நான் புரொடக்ஷன் சப்போர்ட். மாதம் 120 டிக்கெட் முடிக்கிறேன். அதையே போடலாம்தானே?

120 என்பது உங்களுக்கு வந்த வேலை. அந்த எண் கூடினால் மென்பொருள் மோசமாகிறது என்றுகூட ஒருவர் படிப்பார். அந்த 120-ஐ வகை பிரியுங்கள். ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப வருவது எது? உதாரணமாக, பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் காலாவதியாகி மாதம் 30 டிக்கெட் வந்து, நீங்கள் காரணத்தைத் திருத்திய பிறகு அது 4 ஆனால், அதுதான் உங்கள் வரி. ஒரு எச்சரிக்கை: பயனர்களே குறைந்திருந்தாலும் டிக்கெட் குறையும். ஆயிரம் பயனருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

மயிலாடுதுறை: என் ரெஸ்யூமேயில் "99.99% அப்டைம் உறுதி செய்தேன்" என்று இருக்கிறது. ஐந்து பேர் டீம். போன வருஷம் ஒரே ஒரு தடவைதான் டவுன், அதுவும் மூணு மணி நேரம்தான்.

அந்த மூன்று மணி நேரமே கணக்கை உடைத்துவிட்டது. 99.99% என்றால் ஒரு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 52 நிமிடம்தான் அனுமதி. 99.9% என்றால் எட்டே முக்கால் மணி நேரம். உங்களுடையது 99.96 பக்கம் வருகிறது, அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

டீம் விஷயத்தில் "உறுதி செய்தேன்" என்றால் ஐந்து பேர் வேலையும் உங்கள் தலையில் வந்து உட்காரும். "ஐந்து பேர் குழுவில் அலர்ட் அமைப்பும் டேட்டாபேஸ் ஃபெயில்ஓவரும் என் பொறுப்பு" என்று உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். நான் இன்டர்வியூ எடுக்கும்போது அப்டைம் வரியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக டவுன் ஆனபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். பங்கைப் பிரித்து எழுதியவருக்கு அந்தக் கேள்வி அல்வா மாதிரி.

பட்டுக்கோட்டை: இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் நேர்மையாகப் போட்டு ஆறு இடத்தில் கூப்பிடவே இல்லை. நண்பன் ஊதிப் போட்டான், வேலையில் சேர்ந்துவிட்டான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் நண்பரைப் போலச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எல்லா இன்டர்வியூவிலும் குடைந்து கேட்பதும் இல்லை. ஆனால் உங்களைக் கூப்பிடாததற்கு எண் சின்னதாக இருந்ததுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? முதல் சலிப்பில் பெரும்பாலும் பார்ப்பது தொழில்நுட்பப் பெயர்களும் அனுபவ வருஷமும் அவர்கள் கேட்டதோடு பொருந்துகிறதா என்பதைத்தான். உங்கள் ரெஸ்யூமேயில் அவை மூன்றாம் பக்கத்தில் கிடந்தால், 11-ஐ 6 ஆக்கினாலும் அழைப்பு வராது. அனுப்பிய வேலை விளம்பரத்தையும் ரெஸ்யூமேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கும் மேல் என்றால் என்னிடம் பதில் இல்லை.

கும்பகோணம்: அண்ணா, ரிப்போர்ட் வரி முடிந்தது. "பிழை திருத்தம்" வரியை என்ன செய்ய?

எடுத்துவிடுங்கள். ஏழு வருஷம் கோடு எழுதியவர் பிழை திருத்தியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஜி.எஸ்.டி. ரவுண்டிங் வித்தியாசம் மாதிரி ஒன்று, கடைக்காரர் மாதக் கடைசியில் உட்கார்ந்து கையால் சரிசெய்துகொண்டிருந்தது, உங்களால் நின்றிருந்தால் அதைப் போடுங்கள். கிட்டில் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.