பால் சங்கச் செயலியின் பயனர் யார்? பதிவேட்டில் இருப்பவரா, வரிசையில் நிற்பவரா?

கேள்வி: கிராமப் பால் சங்கத்தின் கொள்முதல் செயலிக்குப் பயனர் பெர்சோனா, அதாவது அதைப் பயன்படுத்தப்போகிறவரைப் பற்றிய மாதிரிச் சித்திரம், எழுத வேண்டும். மூன்று முறைதான் ஊருக்குப் போய்வர முடிந்தது. இது போதுமா?

போதும். ஆனால் மூன்று முறையும் எந்த நேரத்தில் போனீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. பகல் 11 மணிக்குப் போய்ச் செயலாளரிடம் பேசிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்; நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

கொங்குப் பகுதிச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து நான் எழுதிய முதல் பெர்சோனா, இரண்டு கறவை மாடுகளும் ஸ்மார்ட்போனும் வைத்திருக்கும் 45 வயது விவசாயி. விடியற்காலை 5.30 மணிக்குப் போய் நின்றபோது, அப்படி ஒருவரையும் வரிசையில் காணவில்லை. தூக்குப்போசியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உறுப்பினர் எண் கணவர் பெயரில் இருந்தது. அளவு பற்றிய குறுஞ்செய்தியும் அவர் போனுக்கே போனது. “போன் அவருகிட்ட இருக்குதுங்க, எனக்கு இந்தச் சீட்டுதான்” என்றார் ஓர் அம்மா.

அந்தச் சீட்டில் அவர் முதலில் பார்த்தது கொழுப்பு அளவை. முந்தைய மாலை 4.4 இருந்தது அன்று காலை 3.9 ஆகியிருந்ததால், பரிசோதகர் மீது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாலைக்கும் காலைக்கும் இடையிலான இரவு இடைவெளி நீளமானது என்பதால், காலையில் பால் கூடுதலாகவும் கொழுப்பு சற்றுக் குறைவாகவும் இருப்பது இயல்பு. நாங்கள் வரைந்திருந்த திரையோ முந்தைய வேளையோடு ஒப்பிட்டுச் சிவப்பு அம்புக்குறி காட்டுவதாக இருந்தது. அதாவது, தினமும் காலையில் ஒரு சண்டையை நாங்களே மூட்டிவிட இருந்தோம். காலையைக் காலையோடும் மாலையை மாலையோடும் ஒப்பிடும்படி பிறகு மாற்றினோம்.

பெர்சோனாவையும் திருத்தி எழுதினேன். ஒரே ஆளாக இருந்தவரைப் பால் ஊற்றுபவர், போன் வைத்திருப்பவர், பணம் பெறுபவர் என்று பிரித்தேன். ஒவ்வொரு வரியின் அருகிலும் ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘ஊகம்’ என்று குறித்தபோது, வயதும் படிப்பும் பொழுதுபோக்கும் ஊகம் என்ற பக்கத்திலேயே விழுந்தன, அவற்றை அடித்துவிட்டேன். பெர்சோனா என்றால் பெயரும் சிரிக்கும் படமும் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பெயர் இருக்கட்டும், ஆனால் படம் ஒட்டியதும் ஊகங்களையும் எல்லோரும் உண்மையாக நம்பிவிடுகிறார்கள் என்பதே என் அனுபவம்.

இத்தகைய குடும்பங்கள் நூற்றுக்கு எத்தனை என்பதை மூன்று பயணங்கள் சொல்லாது. அதைக் கொள்முதல் பதிவுகளிலும் தேட முடியாது, ஏனெனில் அவற்றில் ஊற்றியவர் பெயர் இல்லை, உறுப்பினர் எண் மட்டுமே இருக்கிறது. இன்னொரு முறை போக வாய்த்தால், பணப் பட்டுவாடா நாளன்று போங்கள். சேர்த்துவைத்த சீட்டுகளை எடுத்துவந்து கூட்டிப் பார்ப்பவர் யார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.